36-ஆம் கேள்விக்கு ஒரு மார்க்: ஓர் ஆசிரியை, ஒரு மாணவன், இரண்டு ரகசியக் குறிப்புகள்

அரையாண்டுப் பேப்பர் கொடுக்கும் நாளில் வகுப்பில் எழும் சத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மொத்த மார்க்கைப் பார்ப்பார்கள், அப்புறம் பக்கத்து பெஞ்சின் மொத்த மார்க், அதற்கப்புறம்தான் இரண்டு பேப்பரையும் ஒட்டி வைத்துக்கொண்டு "அவனுக்கு மூணு, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணு" என்று ஆரம்பிப்பார்கள். அதில் ஒருவன் எழுந்து மேசைக்கு வருவான். அடுத்த இரண்டு நிமிடத்தில் நடப்பதைப் பெரும்பாலும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, ஏனென்றால் "போய் உக்காருப்பா, குடுத்தது குடுத்ததுதான்" என்பதோடு அது முடிந்துவிடும்.

அந்த இரண்டு நிமிடத்தைப் பன்னிரண்டு நிமிடமாக நீட்டி, ஆசிரியர்களையே இரண்டு பக்கமும் உட்காரவைத்து நடிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்க நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் முப்பது பேருக்கு ஒரு சனிக்கிழமைப் பயிற்சி. வசனம் எழுதித் தரவில்லை. ஒரு பொதுத்தாள், ஆளுக்கொரு ரகசியக் குறிப்பு, நடுவில் சிவப்பு மை போட்ட ஒரு விடைத்தாள், அவ்வளவுதான். கதாபாத்திரங்களுக்குப் பெயரும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தன் வகுப்பில் அந்தப் பெயருள்ள பையனை மனதில் வைத்துக்கொண்டு ஆட ஆரம்பிக்கிறார்கள்.

ஸ்கிரிப்ட் முதல் தடவை படுமோசமாகத் தோற்றது. திருத்திய பிறகு நன்றாக ஓடியது. ஏன் தோற்றது, எதை மாற்றினேன், மாற்றியபின் ஒரு ஜோடி அதை எப்படி ஆடியது என்பதை முழுசாக எழுதிவைக்கிறேன்.

சண்டைக்குக் காரணமான கணக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது புரியாமல் மற்றது புரியாது. பதினோராம் வகுப்பு இயற்பியல், 70 மார்க் பேப்பர், 36-ஆம் கேள்வி, ஐந்து மார்க். 80 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து கிடைத்தளமாக 30 m/s வேகத்தில் எறியப்படுகிறது. தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும், கட்டடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும், விழும்போது வேகம் என்ன? g = 10 என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியான விடை 4 செகண்ட், 120 மீட்டர், 50 m/s. எல்லாம் முழு எண்ணாக வரும்படி வைத்த கணக்கு. நம் பையன் எழுதியது இது:

```
t² = 2h/g = 160/10 = 16
t = 16 s
R = ut = 30 × 16 = 480 m
vy = gt = 10 × 16 = 160 m/s
v = √(30² + 160²) = √26500 = 162.8 m/s
```

இரண்டாவது வரியில் வர்க்கமூலம் எடுக்க மறந்துவிட்டான். அந்த ஒரு இடத்தைத் தவிர வேறு பிழை கிடையாது. அடுத்த மூன்று வரியும் அந்தத் தப்பான 16-ஐ எடுத்துக்கொண்டு ஒழுங்காக நடக்கின்றன, சூத்திரமும் பிரதியிடலும் பெருக்கலும் எல்லாமே சரி. ஆசிரியை முதல் வரிக்கு ஒரு மார்க் போட்டுவிட்டு, இரண்டாவது வரியில் 16-ஐச் சுழித்து, அங்கிருந்து கீழே வரைக்கும் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார். ஐந்துக்கு ஒன்று.

விடைக்குறிப்பில் மார்க் பிரிப்பு இப்படி: நேரத்துக்கான சூத்திரம் 1, நேரத்தின் விடை 1, நெடுக்கம் 1, செங்குத்துத் திசைவேகம் 1, தொகுபயன் திசைவேகம் 1. முதலில் செய்த பிழை பின்னால் தொடர்ந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இதை வேண்டுமென்றேதான் விட்டேன். கேம்பிரிட்ஜ், ஐபி மாதிரியான வாரியங்களின் மதிப்பீட்டுக் குறிப்புகளில் இதற்கென்று தனி விதியே உண்டு, பிழைக்கு ஒருமுறைதான் தண்டனை, அதற்குப் பிறகு வழிமுறை சரியாக இருந்தால் மார்க் உண்டு. நம் ஊர்ப் பள்ளித் தேர்வில் அது அவரவர் கைவாகு. ஒரே பள்ளியில் அடுத்தடுத்த பிரிவுக்குத் திருத்தும் இரண்டு ஆசிரியர்கள் இந்தப் பேப்பருக்கு 1, 4 என்று போடுவார்கள், இருவருமே தான் செய்ததுதான் முறை என்று நம்புவார்கள்.

பொதுத்தாள்

இதை இருவரும் படிக்கிறார்கள். அரையாண்டு இயற்பியல், மொத்தம் 70-க்கு மாணவனுக்கு 22. தேர்ச்சிக்கு 35 விழுக்காடு, அதாவது 24.5, பள்ளிக் கணக்கில் 25. அதற்குக் கீழே எடுத்தவர்களுக்கு நாளை முதல் மாலை 4.30-லிருந்து 5.30 வரை சிறப்பு வகுப்பு. மார்க் பட்டியல் நேற்றே அலுவலகத்துக்குப் போய்விட்டது. இப்போது மதிய இடைவேளை, ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை, மாணவன் பேப்பரோடு வந்திருக்கிறான்.

பையனுக்கு 36-இல் நான்கு மார்க் போட்டால் 22 சரியாக 25 ஆகும். எண்களை நான் அப்படித்தான் அமைத்தேன். மூன்று மார்க் கூடினால்தான் அவனுக்குப் பிரயோஜனம், இரண்டு கூடினால் ஒன்றும் கிடையாது. இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆசிரியைக்கு மட்டும்

"நீங்கள் 54 பேப்பர் திருத்தினீர்கள். இது கட்டின் அடியில், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வந்த பேப்பர். 16-ஐப் பார்த்ததும் கோடு இழுத்தது ஞாபகம் இருக்கிறது, அதற்குக் கீழே படித்தீர்களா என்பது ஞாபகம் இல்லை.

இதே கணக்கில் இதேபோல வர்க்கமூலத்தை விட்டவர்கள் இன்னும் ஐந்து பேர். அவர்களுக்கும் ஒரு மார்க்தான் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு பெண் 24-இல் நிற்கிறாள்.

பட்டியலில் திருத்தம் செய்ய வேண்டுமானால் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். காலாண்டில் மூன்று திருத்தங்களுக்குப் போய் நின்றபோது 'பேப்பர் திருத்துறீங்களா, பட்டியலைத் திருத்துறீங்களா' என்று மற்றவர்கள் முன்னால் கேட்டார்.

சிறப்பு வகுப்பை எடுப்பதும் நீங்கள்தான். மாணவர்கள் கேட்டால் அதைக் காலை 8.15-க்கு மாற்ற உங்களுக்கு அனுமதி உண்டு. இதுவரை யாரும் கேட்கவில்லை."

மாணவனுக்கு மட்டும்

"ரூட் எடுக்க மறந்தது உன் தப்பு, அது உனக்குத் தெரியும். அதற்குக் கீழே உள்ளதை டீச்சர் படிக்கவே இல்லை என்று கோட்டைப் பார்த்தால் உனக்குத் தோன்றுகிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு சித்தப்பாவின் பரோட்டா கடைக்குப் போகிறாய். அந்தக் காசு வீட்டுக்குத் தேவை. பள்ளியில் யாருக்கும் இது தெரியாது, தெரிவதில் உனக்கு விருப்பமும் இல்லை. சிறப்பு வகுப்பு என்றால் கடை போச்சு.

ஒரு மார்க் கேள்விகளில் 11-ஆவது: குறியீடு (ஆ) என்று சரியாக எழுதியிருக்கிறாய், ஆனால் பக்கத்தில் எழுதிய விடை (இ)-க்கு உரியது, வரி மாறிப் பார்த்து எழுதிவிட்டாய். டீச்சர் குறியீட்டை மட்டும் பார்த்து டிக் போட்டிருக்கிறார். இது உனக்கு மட்டும்தான் தெரியும்."

கடைசிப் பத்தி பற்றி வெளியாட்களுக்கு ஒரு விளக்கம். ஒரு மார்க் கேள்விக்கு வெறும் (ஆ) என்று எழுதினால் போதாது, குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே இருக்கும். இரண்டில் ஒன்று தவறானாலும் மார்க் கிடையாது. ஆகவே அந்த டிக் தப்பான டிக், பையனின் நியாயமான மொத்தம் 22 அல்ல, 21. கணக்குக்கு நான்கு மார்க் முழுசாக வாங்கினாலும் அவன் 24-இல்தான் நிற்பான், தேர்ச்சி கிடையாது.

முதல் வடிவம் ஏன் தோற்றது

மேலே இருப்பது திருத்திய வடிவம். முதலில் எழுதியதில் மாணவன் குறிப்பில் "முடிந்தவரை அதிக மார்க் வாங்கப் பார்" என்றும், ஆசிரியை குறிப்பில் "முடிந்தவரை மார்க்கை மாற்றாமல் இருக்கப் பாருங்கள், வேறு வழியில்லை என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்" என்றும் எழுதியிருந்தேன். மொத்தம் 22, தேர்ச்சி 25 எல்லாம் அதில் இல்லை. பத்து ஜோடி ஆடினார்கள், ஏழு ஜோடி ஐந்துக்கு இரண்டரை என்று வந்து நின்றார்கள். கத்திரிக்காய் வாங்குவதுபோல ஒருவர் நாலு என்கிறார், மற்றவர் ஒன்று என்கிறார், "சரி விடு, ரெண்டரை வெச்சுக்கோ" என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

இரண்டரை என்பது எந்த வழியாகவும் வராத எண். பிழை தொடர்ந்தாலும் வழிமுறைக்கு மார்க் என்றால் 4, தொடர்பிழைக்கு மார்க் இல்லை என்றால் 1. நடுவில் எதையாவது போட வேண்டுமானால் எந்த வரிக்கு எவ்வளவு, ஏன் என்று சொல்ல முடிய வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. விடைத்தாளை ஒரு ஜோடி கையில் எடுக்கவே இல்லை, வெறும் வாய்ப்பேச்சிலேயே முடித்துவிட்டார்கள்.

தப்பு என்னுடையது. நடந்துகொள்ள வேண்டிய விதத்தை நான் குறிப்பில் எழுதிவிட்டேன். "விட்டுக்கொடுக்கலாம்" என்று எழுதினால் விட்டுக்கொடுக்கத்தான் செய்வார்கள், அதில் கற்க என்ன இருக்கிறது? ரகசியக் குறிப்பில் ஆளின் நிலைமை மட்டும் இருக்க வேண்டும், என்ன செய்வது என்பதை ஆடுபவர் முடிவு செய்யட்டும். அதனால் கட்டளைகளை எல்லாம் அடித்துவிட்டு, பாதியில் வெட்டிக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் உபயோகமில்லாதபடி நிலைமையைக் கட்டினேன். பையனுக்கு இரண்டரை பிரயோஜனமில்லை, ஏனென்றால் 23.5 ஆனாலும் சிறப்பு வகுப்புதான். ஆசிரியைக்கும் கட்டுப்படியாகாது, ஏனென்றால் இவனுக்குக் காரணமில்லாமல் ஒன்றரை கூட்டினால் மற்ற ஐந்து பேருக்கு என்ன பதில் சொல்வார்?

இன்னொரு மாற்றமும் செய்தேன். 11-ஆம் கேள்வி விஷயம் முதலில் இரண்டு குறிப்பிலும் இருந்தது. ஆசிரியையாக ஆடியவர்கள் அதை வாசித்த உடனே ஆயுதமாக எடுத்துவிட்டார்கள், "நீ கேட்டா நானும் முழுப் பேப்பரையும் திரும்பப் பாப்பேன், அப்ப இருக்கறதும் போகும், பரவாயில்லையா" என்று. நிஜத்திலும் இது நடக்கிறதுதான், நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரி வந்ததும் பையன் எழுந்து போய்விடுகிறான், ஆட்டம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் ஆசிரியை குறிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டேன். விடைத்தாளில் தப்பான டிக் அப்படியே இருக்கிறது, பார்த்தால் தெரியும்.

ஒரு ஜோடி ஆடியது

படிக்க ஐந்து நிமிடம், ஆட பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து இரண்டே இரண்டை மட்டும் குறித்துக்கொள்வார்: விடைத்தாளை யார் முதலில் தொட்டார், முதல் உண்மையான கேள்வி எது. "உண்மையான கேள்வி" என்றால் பதில் என்னவென்று கேட்பவருக்குத் தெரியாத கேள்வி. "இது சரியா?" என்று அதட்டுவது கேள்வி ஆகாது.

இந்த ஜோடியில் மாணவனாக ஆடியவர் இருபத்தைந்து வருட அனுபவமுள்ள வேதியியல் ஆசிரியர், ஆசிரியையாக ஆடியவர் வேலைக்கு வந்து மூன்று வருடமான ஆங்கில ஆசிரியை. பேச்சைக் குறித்துவைத்தவரின் தாளிலிருந்து தருகிறேன், சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மாணவன்: டீச்சர், முப்பத்தாறாவது கணக்குக்கு ஒரு மார்க்தான் போட்டிருக்கீங்க.

ஆசிரியை: விடை தப்புப்பா. நேரம் 4 செகண்ட், நீ 16 போட்டிருக்க.

மாணவன்: அது தப்புதான் டீச்சர். ரூட் எடுக்க விட்டுட்டேன்.

ஆசிரியை: அப்புறம் என்ன?

மாணவன்: அதுக்குக் கீழ மூணு ஸ்டெப் இருக்கு டீச்சர். 16-ஐ வெச்சுப் பாத்தா எல்லாம் சரியா வருது. கொஞ்சம் பாக்கறீங்களா?

இங்கே ஆசிரியை விடைத்தாளைக் கையில் எடுக்கிறார். பையன் தன் தப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டதால் "விடை தப்பு" என்பதை மூன்று தடவை சொல்லும் வேலை அவருக்கு மிச்சம். மற்ற ஜோடிகளில் மாணவன் "சரியாத்தான் டீச்சர் போட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தான், நாலு நிமிடம் அந்த 16-லேயே போனது.

ஆசிரியை: 16 செகண்டா விழும், 80 மீட்டர்? கடைசியில பாரு, வேகம் 162.8. மணிக்கு 586 கிலோமீட்டர் வருது. பந்தா அது?

மாணவன்: (சிரிக்கிறான்) இல்ல டீச்சர்.

ஆசிரியை: அந்த நம்பரைப் பாத்ததும் உனக்கே சந்தேகம் வந்திருக்கணும்ல?

மாணவன்: வந்திருக்கணும் டீச்சர். லாக் டேபிள்ல அந்த ரூட்டைக் கண்டுபிடிக்கறதுலயே நேரம் போயிருச்சு, திரும்பிப் பாக்கல. சந்தேகம் வராததுக்கு எத்தன மார்க் குறைக்கணும்னு விடைக்குறிப்புல இருக்கா டீச்சர்?

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. கிண்டலாகவும் கேட்கலாம், அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார். ஆசிரியை விடைக்குறிப்பை எடுத்து மேசையில் விரித்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள், நாற்காலிகூட கொஞ்சம் திரும்பிவிட்டது.

அங்கே ஆசிரியை ஒரு நல்ல விஷயம் செய்தார். பிழைக்குப் பின்னால் வந்த வேலை சுலபமாகிவிட்டதா என்று பார்த்தார். சில கணக்குகளில் முதல் வரியில் செய்த பிழையே கடினமான பகுதியைச் சாப்பிட்டுவிடும், அடுத்த வரியில் செய்ய ஒன்றும் இருக்காது, அப்போது வழிமுறைக்கு மார்க் கொடுப்பதில் அர்த்தமில்லை. இங்கே நிலைமை நேர்மாறு. சரியான விடை வந்திருந்தால் √2500, கண்ணை மூடிக்கொண்டு 50. பையன் தன் பிழையால் √26500-ஐ லாக் டேபிளில் தேட வேண்டிவந்தது, தேடி சரியாகவும் எடுத்திருக்கிறான். ஆங்கில ஆசிரியைக்கு இது எப்படிப் பிடிபட்டது என்று பிறகு கேட்டேன். "ஒரு வாக்கியத்துல காலம் தப்பா ஆரம்பிச்சு, கடைசிவரை அதே காலத்துல ஒழுங்கா எழுதினா, நான் ஒரு தடவதானே சார் குறைப்பேன்" என்றார்.

ஆசிரியை: சரி, வழி சரியா இருக்கு. நாலு வரும். ஆனா உனக்கு மட்டும் போட முடியாதுப்பா.

மாணவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நிறைய ஜோடிகள் உடைந்தது இந்த வரியில்தான். ஆசிரியை சொல்ல வருவது "இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள், அவர்களையும் பார்க்க வேண்டும்" என்பது, மாணவன் காதில் விழுவது "முடியாது" என்பது மட்டும். ஒருவர் இங்கேதான் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

மாணவன்: எனக்கு மட்டும்னா, வேற யாருக்காவது இருக்கா டீச்சர்?

ஆசிரியை: அஞ்சு பேருக்கு இதே மாதிரி இருக்கு.

மாணவன்: அப்ப அவங்களுக்கும் போட்டுருங்க டீச்சர்.

ஆசிரியை: போட்டா ஆறு திருத்தம். பட்டியல் ஆபீசுக்குப் போயிருச்சு.

மாணவன்: ஆறும் ஒரே காரணந்தானே டீச்சர்?

காலாண்டில் மூன்று திருத்தத்துக்கு மூன்று வேறு காரணம் சொல்லிப் போய் நின்றதுதான் ஆசிரியையின் தலைவலி என்பது பையனுக்குத் தெரியாது. ஆனாலும் சரியாக அங்கே போய்த் தொட்டான். ஆறு பேப்பருக்கும் சேர்த்து, 36-ஆம் கேள்விக்குப் படிநிலை மார்க் விடுபட்டது என்று ஒரே கடிதம். ஆசிரியை சிவப்புப் பேனாவை எடுத்து 1-ஐ அடித்து 4 போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, முதல் பக்கத்தைத் திருப்பி 22-ஐ அடிக்கப் போனார்.

மாணவன்: டீச்சர், பதினொண்ணைப் பாருங்க.

ஆசிரியை: என்ன பதினொண்ணு?

மாணவன்: ஆ-ன்னு எழுதி, இ-யோட விடையை எழுதிட்டேன். டிக் போட்டிருக்கீங்க.

அறையில் வேறு ஜோடிகளும் பேசிக்கொண்டிருந்ததால் எனக்கு இது கேட்கவில்லை, குறித்தவர்தான் பிறகு சொன்னார். ஆசிரியையாக ஆடியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுசாக அரை நிமிடம் பேப்பரைப் பார்த்தபடி இருந்தாராம். பிறகு டிக்கை அடித்தார். 24.

ஆசிரியை: ஒரு மார்க்ல போச்சே. ஏண்டா சொன்ன?

மாணவன்: முதல் பக்கத்தைத் திருப்பிட்டீங்க டீச்சர், எப்படியும் பாத்திருப்பீங்க.

ஆசிரியை: பாத்திருக்க மாட்டேன். 25 வந்தா உனக்கு என்ன, 24 வந்தா என்ன? ஸ்பெஷல் கிளாஸுக்கு வர்றதுல என்ன கஷ்டம்?

குறித்தவர் இதைத்தான் ஆசிரியையின் முதல் உண்மையான கேள்வி என்று எழுதியிருந்தார், பன்னிரண்டில் ஒன்பதாவது நிமிடம். பையன் தயங்கி, "சாயங்காலம் கடை இருக்கு டீச்சர்" என்றான். என்ன கடை என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "காலைல எட்டேகால்னா வருவியா?" என்றார். முடிந்தது.

மற்ற ஜோடிகள், பேச்சுக்குப் பின்

எல்லாரும் இப்படி ஆடவில்லை. 11-ஆம் கேள்வியைச் சொன்னவர்கள் பத்தில் மூன்று பேர். சொல்லாமல் 25 வாங்கியவர்கள் நான்கு பேர், மீதி மூன்று ஜோடியில் மார்க்கே மாறவில்லை. காலை 8.15 என்ற வாய்ப்பு இரண்டே ஜோடியில்தான் வெளியே வந்தது, ஏனென்றால் ஆசிரியையாக ஆடிய பெரும்பாலானோர் பேச்சு முழுக்க மார்க் பற்றி என்றே நினைத்துக்கொண்டார்கள், பையனுக்கு எது பிரச்சினை என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ரகசியக் குறிப்புகளை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். யார் முதலில் பேசுவது என்பதில் கறாராக இருக்க வேண்டும், மாணவனாக ஆடியவர்தான். ஆசிரியையை முதலில் பேசவிட்டால் அவர் தன் முடிவுக்கு நியாயம் சொல்ல ஆரம்பித்து, இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும். அன்றைக்கு ஒரு ஜோடியில், 25 கொடுத்து அனுப்பிய ஆசிரியை எதிராளியின் தாளில் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு முகம் சிவந்துவிட்டார். "இது தெரிஞ்சுக்கிட்டேவா சார் எங்கிட்ட நியாயம் பேசிட்டு இருந்தீங்க?" அவரோ, "பேப்பர் ஒங்க கையிலதானே மேடம் இருந்துச்சு" என்றார். இரண்டு பேரும் நிஜ வாழ்க்கையில் ஒரே பள்ளி, சாப்பாட்டுக்குத் தனித்தனியாகப் போனார்கள்.

அதை அப்படியே விட்டிருக்கக்கூடாது, விட்டது என் பிழை. அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது யார் செய்தது சரி என்பதல்ல, அந்தப் பேச்சில் எந்த நிமிடத்தில் பையன் அதைச் சொல்லியிருக்க வாய்ப்பு இருந்தது, ஏன் சொல்ல முடியவில்லை என்பது. குறித்தவரின் தாளைப் பிறகு பார்த்தேன். அந்த ஜோடியில் ஆசிரியை ஆரம்பத்திலேயே "ரீ-டோட்டல் பண்ணா குறையவும் செய்யும், தெரியும்ல" என்று சொல்லியிருக்கிறார். குறிப்பில் இல்லாததை அவர் தன் பழக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறார். அதைக் கேட்ட பையன் எப்படி வாயைத் திறப்பான்?

இந்த ஸ்கிரிப்ட் எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வுக்கு இது பொருந்தாது. அங்கே திருத்தியவர் யாரென்றே தெரியாது, விடைத்தாள் நகல் வாங்கி, அதைப் பார்த்தபின் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கும் வழிதான், பேச்சுக்கு இடமே இல்லை. மொழிப்பாடத்துக் கட்டுரை மார்க்குக்கும் இதை அப்படியே எடுக்க முடியாது, அங்கே வரிக்கு ஒரு மார்க் என்று பிரிக்க முடியாது. இரண்டு பக்கமும் ஆசிரியர்களே ஆடுவதால் பையனின் பயமும் இதில் முழுசாக வராது. இருபத்தைந்து வருட அனுபவமுள்ள ஒருவர் "சந்தேகம் வராததுக்கு எத்தன மார்க்" என்று கேட்பார், பதினாறு வயசுப் பையன் அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டே வகுப்புக்குத் திரும்பிப் போவான்.

அடுத்த தடவைக்கு இரண்டு மாற்றம் வைத்திருக்கிறேன். ஒன்று, ஆட்டம் மதிய இடைவேளையில் காலியான அறையில் நடக்காது, வகுப்பின் நடுவில், மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி நடக்கும், நிஜத்தில் அப்படித்தானே நடக்கிறது. இரண்டாவது, 24-இல் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி. அவளுக்கும் கணக்குக்கு நான்கு வந்தால் 27, சிறப்பு வகுப்பு கிடையாது. ஆனால் அவள் கேட்க வரவே இல்லை. அவள் குறிப்பில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.